நாலு தடவை என்றால் நாலு வருஷமா?

"நாலு தடவை போட்டுப் பாத்தாகன்னு எழுதியிருக்கு. அப்ப நாலு வருசமாப் பாத்திருக்காக, சரிதானப்பா?"

தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா இதைக் கேட்டார். அவர் கையில் இருந்தது ஒரு வேளாண் ஆய்வுக் கட்டுரையின் அச்சுப்படி. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியில் "புது ரகம், 13 சதவீதம் கூடுதல் மகசூல்" என்று இருந்திருக்கிறது. அதன் மூலக் கட்டுரையைத் தேடி அச்செடுத்து வரச் சொல்லியிருந்தார். ஆவணி பிறக்கப் போகிறது. கண்மாய்க்குக் கீழே இருக்கும் மூன்று ஏக்கரிலும் அந்த ரகத்தையே விதைத்துவிடலாம் என்பது அவர் எண்ணம்.

நான் வேளாண்மை படித்தவன். ஒன்றையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதைச் சொல்லும் ரெப்ளிகேஷன் என்ற சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆனால் பெரியப்பாவின் அந்தத் தப்பான வாசிப்பில்தான் ஒரு விவசாயி கேட்க வேண்டிய கேள்வி முழுசாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தோன்றியது. நாலு தடவை என்றால் எது நாலு தடவை? பாத்தியா, வயலா, வருஷமா?

கட்டுரையில் இருந்தது நாலு பாத்திகள். நாலு நெல் ரகங்கள், ஒவ்வொன்றும் நாலு பாத்திகளில், மொத்தம் 16 பாத்திகள், ஒரே வயல், ஒரே பருவம். அடுத்த பருவத்தில் அதையே இன்னொரு முறை செய்திருந்தார்கள். ஆக, பாத்தி நாலு, வருஷம் இரண்டு.

ஒரே ரகத்தை ஏன் நாலு பாத்தியில் போட வேண்டும் என்பது பெரியப்பாவுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய விஷயமில்லை. மடைக்குப் பக்கத்துச் செய்யில் விளைவது கடைமடையில் விளையாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் நிலத்துக்குள்கூட எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்பதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1910-ல் ஒரே கோதுமை ரகம், ஒரே பராமரிப்பு உள்ள ஒரு ஏக்கரை 500 துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனியாக அறுத்து எடை போட்டார்கள். மிகக் குறைந்த துண்டுக்கும் மிக அதிகமான துண்டுக்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். உரம் ஒன்று, விதை ஒன்று, மண் மட்டும் துண்டுக்குத் துண்டு வேறு. அப்படியிருக்க, இரண்டு ரகத்தை ஆளுக்கு ஒரு பாத்தியில் போட்டு, இது ஜெயித்தது என்று சொன்னால், ஜெயித்தது ரகமா மண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. அதே ராதம்ஸ்டெட்டில் 1919-ல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர்தான் இதற்கு வழி வகுத்தார். திரும்பத் திரும்பப் போடு, எந்தப் பாத்திக்கு எது என்பதைக் குலுக்கல் போட்டு எடு, ஒரே மாதிரி இருக்கும் பாத்திகளை ஒரு தொகுதியாகக் கட்டு என்ற மூன்றும் அவர் வழியாகத்தான் நம் ஊர் ஆராய்ச்சி நிலையங்கள்வரை வந்திருக்கின்றன.

மூன்றாவதுதான் படிக்கும்போது கண்ணில் படாமல் போகும். அதை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டினேன். கட்டுரையில் சராசரிகள் மட்டும்தான் இருந்தன, பாத்திவாரி எண்கள் இல்லை. அதனால் கீழே இருப்பவை கணக்கு சுலபமாக வர நானே அமைத்துக்கொண்டவை. எந்த ரகத்தின் நிஜ மகசூலும் இல்லை.

கண்மாய் மடையிலிருந்து தண்ணீர் மேற்கே ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தொகுதி மடையை ஒட்டி, நாலாம் தொகுதி கடைமடையில். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் நாலு ரகமும் குலுக்கல் முறையில். பாத்தி 5 மீட்டருக்கு 4 மீட்டர், 20 சதுர மீட்டர். எண்கள் ஒரு பாத்திக்குக் கிலோவில்:

| ரகம் | தொகுதி 1 | தொகுதி 2 | தொகுதி 3 | தொகுதி 4 | சராசரி |
|---|---|---|---|---|---|
| அ | 10.4 | 8.8 | 7.6 | 7.2 | 8.5 |
| ஆ | 9.4 | 9.1 | 7.9 | 6.4 | 8.2 |
| இ | 9.5 | 7.9 | 7.6 | 6.2 | 7.8 |
| ஈ | 8.7 | 8.2 | 6.9 | 6.2 | 7.5 |
| சராசரி | 9.5 | 8.5 | 7.5 | 6.5 | 8.0 |

பாத்தியில் ஒரு கிலோ என்றால் ஹெக்டேருக்கு 500 கிலோ. ஆக, அ ரகம் 4250, ஈ ரகம் 3750. அந்த 13 சதவீதம் இங்கேதான் இருக்கிறது.

அட்டவணையைக் குறுக்கே பார்த்த பெரியப்பா உடனே ஒன்றைப் பிடித்துவிட்டார். "தோத்துப்போன ஈ ரகம் மடையடியில 8.7. ஜெயிச்ச அ ரகம் கடைமடையில 7.2. அப்ப ரகத்தைவிட இடம்தானப்பா பெருசு?" பெருசுதான். ரகத்துக்கும் ரகத்துக்கும் அதிகபட்சம் ஒரு கிலோ வித்தியாசம், மடையடிக்கும் கடைமடைக்கும் மூன்று கிலோ. அந்த மூன்று கிலோவை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு ரகத்தை மட்டும் ஒப்பிடுவதற்குத்தான் தொகுதி. ஒவ்வொரு ரகமும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு முறை இருப்பதால், மடையடியின் லாபமும் கடைமடையின் நஷ்டமும் நாலு ரகத்துக்கும் சமமாகப் போய்ச் சேருகிறது.

ரகத்தின் பங்கையும் தொகுதியின் பங்கையும் கழித்த பிறகு மிஞ்சும் ஏற்ற இறக்கத்தைத்தான் பிழை என்கிறோம். யாரோ தப்புச் செய்தார்கள் என்று பொருளில்லை, காரணம் சொல்ல முடியாத மிச்சம் என்று பொருள். இந்த அட்டவணையில் அந்த மிச்சத்தின் சராசரி வர்க்கம் 0.14. அதிலிருந்து கட்டுரைகளில் அட்டவணையின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் இரண்டு எண்கள் வருகின்றன, இரண்டு சராசரிகளின் வித்தியாசத்துக்கான திட்டப்பிழை SEd, அந்த வித்தியாசம் தாண்ட வேண்டிய எல்லை CD:

```
SEd = √(2 × 0.14 ÷ 4) = 0.26
CD (P = 0.05) = 2.262 × SEd = 0.60
```

இந்த சி.டி.தான் நான் முதலில் தேடும் எண். இரண்டு ரகச் சராசரிகளின் வித்தியாசம் இதைத் தாண்டினால்தான், மண்ணின் விளையாட்டைத் தாண்டி ரகத்தில் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அ-வுக்கும் ஈ-க்கும் 1.0, தாண்டிவிட்டது. அ-வுக்கும் ஆ-வுக்கும் 0.3, தாண்டவில்லை. அதனால் "அ முதலிடம், ஆ இரண்டாமிடம்" என்று வாட்ஸ்அப் செய்தி சொன்னாலும் இந்த வயல் அப்படிச் சொல்லவில்லை. இரண்டும் சமம் என்றும் சொல்லவில்லை. இந்த அளவு சோதனையால் அவற்றைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அதே 16 எண்களைத் தொகுதியே இல்லை என்று நினைத்துக் கணக்குப் போட்டால், அந்த மூன்று கிலோ இட வித்தியாசம் முழுக்கப் பிழைக்குள் போய் விழுகிறது. சி.டி. 0.60-லிருந்து 2.05 ஆகிவிடுகிறது. அ-வுக்கும் ஈ-க்கும் இருந்த ஒரு கிலோ வித்தியாசம் அதில் மூழ்கிப்போகும். விதையும் உழைப்பும் அறுவடையும் அதேதான், சோதனை மட்டும் ஊமையாகிவிடும்.

தொகுதி போட்டும் இது நடக்கலாம், தொகுதியைத் தப்பான திசையில் வெட்டினால். மடையிலிருந்து கடைமடை வரை நீளமாக ஒரு தொகுதி என்று போட்டால், ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் நல்ல பாத்தியும் மோசமான பாத்தியும் இருக்கும். பெயருக்குத் தொகுதி இருக்கும், ஆனால் பிழை குறையாது. தண்ணீர் போகும் திசைக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். நம் பக்கத்துச் செம்மண் சரளையில் மேடும் பள்ளமும் இருபது அடிக்கு ஒன்று மாறும். வண்டல் மடையடியில் படியும். எனவே எந்தப் பக்கம் வெட்டினார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. கட்டுரையில் இதைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். சி.வி. என்று, மிச்ச ஏற்ற இறக்கம் சராசரி மகசூலில் எவ்வளவு என்று காட்டும் ஒரு சதவீதம் இருக்கும், அதைப் பார்த்து ஊகிக்க வேண்டும். மேலே உள்ள கணக்கில் தொகுதியோடு 4.7 சதவீதம், தொகுதி இல்லாமல் 16.6. பாசன நெல்லில் சி.வி. இருபதைத் தாண்டினால் வயல் அமைப்பில் ஏதோ சரியில்லை என்று நான் சந்தேகப்படுவேன். மானாவாரியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். மறுபக்கம், திறந்த வயலில் ஒரு சதவீத சி.வி. என்று யாராவது போட்டிருந்தால் அதையும் நான் நம்பமாட்டேன். வயல் அவ்வளவு அமைதியாக இருக்காது.

இன்னொரு கோளாறு இதைவிட மோசமானது. ஒரு ரகத்தை அரை ஏக்கரில் போடுவது, இன்னொன்றைப் பக்கத்து அரை ஏக்கரில் போடுவது, பிறகு ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் சதுர மீட்டர் வெட்டு எடுத்து "மூன்று ரெப்ளிகேஷன்" என்று எழுதுவது. அந்த மூன்று வெட்டும் ஒரே செய்யின் மூன்று மூலை. ஒரு பானைச் சோற்றில் மூன்று இடத்தில் பதம் பார்ப்பது மாதிரி, அந்தப் பானையைப் பற்றி நன்றாகத் தெரியும், அடுத்த பானையைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க செய்முறைப் பகுதியில் இரண்டு விஷயம் பார்க்கிறேன். பாத்தியின் அளவும் மொத்தப் பாத்திகளின் எண்ணிக்கையும் எழுதியிருக்கிறதா? பிழையை அளக்க எத்தனை தனித்தனி ஒப்பீடுகள் மிஞ்சின என்று சொல்லும் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் கணக்கோடு பொருந்துகிறதா? நாலு ரகம், நாலு தொகுதி என்றால் அது 3 × 3 = 9 இருக்க வேண்டும். அந்த 9-க்கு உரிய எண்தான் மேலே சி.டி.யில் வந்த 2.262.

இதெல்லாம் சொல்லி முடித்தபோது பெரியம்மா காபி கொண்டுவந்து வைத்தார். பெரியப்பா காபியைத் தொடாமல், "சரி, அப்ப அ ரகம் ஈ ரகத்தைவிட மேலுன்னு ஆயிருச்சுல்ல?" என்றார்.

அந்த வருஷத்தில், அந்த வயலில், ஆமாம். நாலு பாத்தி அந்த வயலின் மண்ணை நாலு தடவை கேட்டது. மழையை ஒரே ஒரு தடவைதான் கேட்டது. 16 பாத்திக்கும் பெய்தது ஒரே ஐப்பசி கார்த்திகை மழை. பாத்தியை நாற்பது ஆக்கினாலும் வருஷம் ஒன்றுதான். சி.டி. இன்னும் சின்னதாகும், எண் இன்னும் உறுதியாகத் தெரியும், ஆனால் அந்த உறுதி முழுக்க நடந்து முடிந்த அந்தப் பருவத்தைப் பற்றியது. பெரியப்பா விதைக்கப் போவது வரப்போகும் பருவத்தில்.

அதனால்தான் இரண்டாம் வருஷ அட்டவணை. இதற்கும் நானே எண்கள் அமைத்தேன், கட்டுரையில் இருந்த போக்கை ஒட்டி. முதல் வருஷம் கண்மாய் தை பாதிவரை தண்ணீர் கொடுத்தது. இரண்டாம் வருஷம் மார்கழியிலேயே மடை வறண்டது. ஹெக்டேருக்குக் கிலோவில்:

| ரகம் | வயது (நாள்) | முதல் வருஷம் | இரண்டாம் வருஷம் | இரண்டின் சராசரி |
|---|---|---|---|---|
| அ | 130 | 4250 | 2000 | 3125 |
| ஆ | 115 | 4100 | 2500 | 3300 |
| இ | 118 | 3900 | 2450 | 3175 |
| ஈ | 105 | 3750 | 2750 | 3250 |
| சி.டி. | | 300 | 340 | சுமார் 200 |

கடைசி நெடுவரிசையை மட்டும் பார்த்தால் நாலு ரகமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதிகபட்ச வித்தியாசம் 175, சி.டி.யைத் தொடவில்லை. "ரகங்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகலாம், எழுதுகிறார்கள். ஆனால் முதல் வருஷம் அ ரகம் ஈ-யைவிட 500 கிலோ மேலே, இரண்டாம் வருஷம் 750 கிலோ கீழே. இரண்டும் சி.டி.யைத் தாராளமாகத் தாண்டியவை. எதிரெதிர்த் திசையில் இழுத்த இரண்டு பெரிய வித்தியாசங்கள் சராசரியில் ஒன்றையொன்று தின்றுவிட்டன. ரகத்துக்கும் பருவத்துக்கும் உள்ள இந்தச் சேர்க்கையைத்தான் ஊடாட்டம் என்று கட்டுரைகள் சொல்லும். அது இருக்கிறது என்று ஒரு வரி கண்ணில் பட்டால், சேர்த்த சராசரியை மூடிவிட்டு வருஷவாரி எண்களுக்குப் போய்விட வேண்டும். வருஷவாரி எண்களே தராத கட்டுரை என்றால் எனக்கு அது பாதிக் கட்டுரைதான்.

ஏன் இப்படிப் புரண்டது என்பதற்கு வயது நெடுவரிசையில் விடை இருக்கிறது. 130 நாள் ரகம் பால் பிடிக்கும் நேரத்தில் மடை வறண்டது. 105 நாள் ரகம் அதற்குள் மணி முற்றிவிட்டது. நீண்ட வயது ரகத்துக்கு நல்ல வருஷத்தில் கூடுதலாகக் கிடைத்த நாட்களே கெட்ட வருஷத்தில் அதற்கு வினையாகின. காரணம் தெரிகிற ஊடாட்டம் என்பதால் இதை நான் நம்புகிறேன். வெறும் எண் மட்டும் புரண்டிருந்தால் மூன்றாம் வருஷம் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பெரியப்பா ஒரு யோசனை சொன்னார். "அப்ப மடையடி ஒரு ஏக்கர்ல அ ரகம், அங்கிட்டு கடைமடை ரெண்டு ஏக்கர்ல ஈ ரகம். சரியா வரும்ல?" கேட்கப் பொருத்தமாகத்தான் இருந்தது, நானும் தலையாட்டப் பார்த்தேன். ஆனால் முதல் அட்டவணையின் நாலாம் தொகுதியைத் திரும்பப் பார்த்தால், நல்ல வருஷத்தில் கடைமடையிலும் அ ரகம்தான் 7.2, ஈ ரகம் 6.2. கடைமடைக்குத் தண்ணீர் தாமதமாக வந்தது, ஆனால் தை வரை வந்தது. கடைமடை என்பது வேறு, வறண்ட வருஷம் என்பது வேறு. தவிர, அந்த இடத்தில் ஒரு ரகத்துக்கு ஒரே பாத்திதான் உண்டு. அந்த ஒரு கிலோ இடத்தால் வந்ததா, மிச்சப் பிழையால் வந்ததா என்று இந்த அமைப்பால் பிரிக்க முடியாது. எந்த இடத்துக்கு எந்த ரகம் என்ற கேள்விக்காக இந்தச் சோதனை போடப்படவில்லை.

"மழையைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னா அதுவும் நடக்காது," என்றார். "புழுதியிலதான விதைக்கிறோம்." அதுதான் இங்கே சிக்கல். ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்கிற ஊர் இது. எந்த வருஷம் என்று தெரிவதற்கு முன்பே ரகத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

அப்படியானால் கேள்வி இப்படி மாறுகிறது. பத்து வருஷத்தில் எத்தனை வருஷம் கண்மாய் தை பாதிவரை நிற்கிறது? அ ரகம் நல்ல வருஷத்தில் 500 கூட்டித் தருகிறது, கெட்ட வருஷத்தில் 750 குறைக்கிறது. ஆறு நல்ல வருஷத்தில் கிடைக்கும் 3000 கிலோவை நாலு கெட்ட வருஷம் அப்படியே தின்றுவிடும். பத்தில் ஆறுக்கு மேல் நல்ல வருஷம் இருந்தால்தான் ஈ-யைவிட அ லாபம். இந்த 500-ம் 750-ம் ஒவ்வொரு பருவத்தில் கிடைத்தவை என்பதால் ஆறு என்பது தோராயம்தான், ஐந்தரையாகவோ ஆறரையாகவோ இருக்கலாம்.

இந்த எண்ணிக்கை எந்தக் கட்டுரையிலும் இருக்காது. எங்கள் கண்மாய்க்கு அதைச் சொல்லக்கூடியவர் பெரியப்பாதான். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். 2021-ல் கழுங்கு பாய்ந்தது. 2016-ல் கண்மாய்க்குள் மாடு மேய்ந்தது, அதை யாரும் மறக்கவில்லை. நடுவில் ஒரு வருஷத்தை நல்ல வருஷம் என்று சொன்னபோது உள்ளேயிருந்து பெரியம்மா, "அது எங்கிட்டு நல்ல வருசம்? சின்னவனுக்குக் காது குத்துனப்ப மோட்டார் வாடகைக்கு எடுத்துல்ல தண்ணி பாச்சுனீக," என்றார். பெரியப்பா அந்த விரலை மடக்கிக்கொண்டார். பெரிய வெள்ளமும் பெரிய வறட்சியும்தான் நினைவில் தங்கும், நடுவாந்தர வருஷங்கள் நழுவிவிடும். அதனால் தேவகோட்டை மழைமானிக் கணக்கையும் ஒரு நாள் எடுத்து ஒப்பிட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். கடைசியில் பத்தில் ஐந்து தேறியது.

ஐந்து என்றால் அ ரகம் இல்லை. ஈ ரகமா என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் இரண்டாம் அட்டவணையை மறுபடி எடுத்தார். ஆ ரகத்தின் வரிசையில் விரலை வைத்தார். நல்ல வருஷத்தில் அ-வுக்கும் அதற்கும் 150, சி.டி. 300. கெட்ட வருஷத்தில் ஈ-க்கும் அதற்கும் 250, சி.டி. 340. இரண்டு வருஷத்திலும் முதலாவதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத இடத்தில் நிற்கும் ஒரே ரகம் அது. கட்டுரையும் கடைசிப் பத்தியில் அதைத்தான் சிபாரிசு செய்திருந்தது. வாட்ஸ்அப் செய்திதான் முதல் வருஷத்தின் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தது.

இரண்டரை ஏக்கருக்கு ஆ ரகத்து விதை சொல்லியிருக்கிறார். மீதி அரை ஏக்கரில் நாலு ரகமும், நாலு தொகுதியாக, மடைக்குக் குறுக்கே. எந்தப் பாத்திக்கு எது என்று பேரனைச் சீட்டு எடுக்கச் சொன்னோம். இரண்டாம் தொகுதியில் அ ரகம் வரப்போரத்துப் பாத்திக்கு வந்தது. "அங்க நெழலு விழுமே, மாத்திரலாமா?" என்று பெரியப்பா கேட்டார். மாற்றக் கூடாது, சீட்டு வந்தபடியே இருக்கட்டும் என்றேன். அரைகுறை மனதோடு முளைக்குச்சியை அங்கேயே அடித்தார். மடையில் தண்ணீர் நின்ற தேதியைத் தினசரி காலண்டரில் எழுதி வைக்கும் வேலை பெரியம்மாவுக்கு.